கேஸ் அலாரம் மேலேயா, கீழேயா?



சென்ற ஆண்டு ஒரு நாள் விடியற்காலை. பெரட்டுக்குக்கூட ஆள் கூடவில்லை. லயத்திலிருந்து ஓர் அம்மாவைக் காடியில் வைத்துத் தோட்டக் கிளினிக்கிற்குக் கொண்டு வந்தார்கள். பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்றவர், அறுபது வயதைத் தாண்டியவர். இரண்டு கால்களிலும் பாதத்திலிருந்து முழங்கால் வரை தீக்காயம், அங்கங்கே தோல் உரிந்திருந்தது. வலது கையின் பின்புறமும் கொஞ்சம் வெந்திருந்தது. ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. தலைமுடி ஓர் இழைகூடக் கருகவில்லை. சமையல் தீ என்றால் பெரும்பாலும் முகமும் மார்பும் கையும்தான் முதலில் பாதிக்கப்படும். இவருக்கு எல்லாமே தலைகீழாக இருந்தது.

"எப்படிம்மா ஆச்சு? அடுப்பு பத்த வச்சீங்களா?" என்று கேட்டேன்.

"நான் அடுப்பத் தொடவே இல்லீங்கய்யா. மங்கு கழுவிக்கிட்டு நின்னேன். டக்குன்னு ஒரு சத்தம். கால்கிட்ட நீலமா ஓடுச்சு. அவ்வளவுதான்."

உண்மையைச் சொல்கிறேன், நான் அதை நம்பவில்லை. பயத்தில் ஏதோ மறந்து சொல்கிறார் என்று நினைத்தேன். குழாய்த் தண்ணீரில் கால்களை இருபது நிமிடம் நனைய விட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடி, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். வீட்டிலேயே யாரோ பற்பசை பூசியிருந்தார்கள். அதை நீக்கும்போது அந்த அம்மா பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. தீக்காயத்திற்குப் பற்பசையும் வேண்டாம், கிச்சாப்பும் வேண்டாம், தண்ணீர் போதும் என்று இதே பகுதியில் முன்பு எழுதியிருக்கிறேன். மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது.

மாலையில் அவர் வீட்டுக் குசினியைப் போய்ப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா சொன்னது சரி என்று தெரிந்தது. மேசைக்கடியில் 14 கிலோ கேஸ் தோம்பு. ரெகுலேட்டரில் மாட்டியிருந்த ரப்பர் குழாய், மாட்டிய இடத்தில் விறைத்துப் போய் ஒரு வெடிப்பு விட்டிருந்தது. இரவு அடுப்பை மூடியிருக்கிறார், ரெகுலேட்டரை மூடவில்லை. நம்மில் எத்தனை பேர் மூடுகிறோம்? தோம்புக்குப் பக்கத்தில் பழைய ஐஸ் பெட்டி. அதன் பின்புறம், தரையை ஒட்டி, மோட்டார் இருக்கும் இடத்தில் கரி படிந்திருந்தது. ஐஸ் பெட்டியின் மோட்டார் தானாகவே நின்று தானாகவே ஓடும். ஓட ஆரம்பிக்கும்போது உள்ளே சின்னப் பொறி தட்டும். அந்த அம்மா கேட்ட "டக்" அதுதான்.

பிறகு அண்ணாந்து பார்த்தேன். சுவரின் உச்சியில், சிலிங்கிற்கு ஒரு சாண் கீழே, ஒரு கேஸ் அலாரம் மாட்டியிருந்தது. புத்தம் புதியது. பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. இரவு முழுவதும் கேஸ் கசிந்திருக்கிறது. குசினித் தரையில் தீ ஓடியிருக்கிறது. அந்த அலாரம் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. பழுதா என்று பார்த்தேன். பழுது இல்லை. இருந்த இடம்தான் தப்பு.

மாட்டியவர் அவருடைய மகன். சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அம்மா தனியாக இருக்கிறாரே என்ற அக்கறையில் வாங்கிக் கொண்டு வந்து, லீவில் வந்தபோது தன் கையாலேயே மாட்டியிருக்கிறார். போனில் அழுதார். "சார், எங்க வீட்டுல மேலதான் சார் மாட்டிக் கொடுத்தாங்க. அதே மாதிரிதானே மாட்டினேன்" என்றார். அவர் வீட்டில் மேலே மாட்டியது சரி. அம்மா வீட்டில் மேலே மாட்டியது தப்பு. ஏன் என்பதைத்தான் இந்த மாதம் சொல்ல வருகிறேன்.

நாம் தோம்பில் வாங்குவது எல்.பி.ஜி. என்ற வாயு. புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலப்பு. காற்றைவிட ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் கொட்டினால் எப்படித் தரையில் பரவுமோ அப்படிப் பரவும். படி இறங்கும், பள்ளத்தில் தேங்கும், கதவு இடுக்கில் நுழைந்து வெளிக் கால்வாயில் இறங்கி ஓடும். நம் லயத்து வீடுகள் பலவற்றில் குசினி, முன் அறையைவிட ஒரு படி பள்ளமாக இருக்கும். கேஸுக்கு அது ஒரு தொட்டி மாதிரி.

குழாயில் வரும் இயற்கை எரிவாயு வேறு. அது பெரும்பாலும் மீத்தேன். காற்றின் கனத்தில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூடுதல். கசிந்தால் நேராக மேலே போய்ச் சிலிங்கின் அடியில் தங்கும். பிறகு மேலிருந்து கீழ்நோக்கி நிரம்பிக்கொண்டு வரும். சிங்கப்பூரில் பல வீடுகளுக்குக் குழாயில் வரும் டவுன் கேஸும் லேசானதுதான். அதில் ஹைட்ரஜன் அதிகம், ஹைட்ரஜனைவிட லேசான வாயு எதுவும் இல்லை. ஆகவே மகன் வீட்டு அலாரம் சிலிங்கை ஒட்டி இருந்ததில் தவறே இல்லை.

அம்மா வீட்டுக் கதையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குசினி நீளம் 3 மீட்டர், அகலம் 3 மீட்டர். எல்.பி.ஜி. காற்றோடு 100-க்கு ஏறக்குறைய 2 பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். குசினி முழுவதையும் அந்த அளவுக்கு நிரப்ப வேண்டுமானால் ஒரு கிலோ கேஸாவது வெளியேற வேண்டும். ஆனால் அது முழுவதும் நிரம்புவதில்லையே. தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு மட்டும் தேங்குகிறது என்று வையுங்கள். அதற்கு ஏறக்குறைய 100 கிராம் போதும். ஒரு பெரிய அடுப்பை முழுதாகத் திறந்து வைத்தால் மணிக்குச் சுமார் 200 கிராம் கேஸ் போகும். பற்ற வைக்காமல் திறந்து விட்டால் அரை மணியில் 100 கிராம் வந்துவிடும். வெடித்த ரப்பர் குழாயில் அதைவிட மெதுவாகத்தான் வரும், ஆனால் ஓர் இரவு முழுவதும் வருமே. கொஞ்சம் கதவிடுக்கில் போனாலும் மிச்சம் கணுக்காலைச் சுற்றி நிற்கும். நின்றுகொண்டிருந்த அம்மாவின் மூக்கு அதற்கு மேலே, அலாரம் அதற்கும் மேலே. தீப்பிடித்தபோது கேஸ் இருந்த இடத்தில்தான் தீ ஓடியது. முகம் தப்பியதும் கால் வெந்ததும் அதனால்தான்.

நாற்றம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "லேசா இருந்துச்சுங்கய்யா, கருவாடுன்னு நெனச்சேன். எனக்குச் சளி வேற" என்றார். கேஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. 1937-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் மணமில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து, கிட்டத்தட்ட 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் கேஸில் நாற்றம் கலப்பதைச் சட்டமாக்கினார்கள். கலக்கும் சரக்கு மெர்க்காப்டன் என்ற கந்தகச் சேர்மானம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சளி பிடித்த மூக்குக்கும் வயதான மூக்குக்கும் அது சரியாக எட்டாது. நல்ல மூக்குகூட அதே நாற்றத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் பழகிப்போய் உணர்வை இழந்துவிடும். தூங்குகிறவனை நாற்றம் எழுப்பாது. போதாக்குறைக்கு நம் ஊர் டுரியான் பழத்திலும் அதே குடும்பத்துக் கந்தகச் சரக்கு இருக்கிறது. 2018-இல் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்துப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் கேஸ் கசிவு என்று நூற்றுக்கணக்கான பேரை வெளியேற்றினார்கள். கடைசியில் பார்த்தால் ஓர் அலமாரியில் அழுகிய டுரியான். நமக்கோ டுரியான் காலத்தில் நேர்மாறு: கேஸ் நாறினாலும் டுரியான் என்று விட்டுவிடுவோம்.

அதனால்தான் அலாரம் வேண்டியிருக்கிறது. அது நாற்றத்தை மோப்பம் பிடிப்பதில்லை. எரியும் வாயு அதன் உள்ளே நுழைந்தால்தான் அதற்குத் தெரியும். வாயு வராத இடத்தில் மாட்டினால் அது சுவருக்கு அழகுதான்.

எங்கே மாட்டுவது? ஜப்பானில் பின்பற்றும் அளவு நினைவில் வைக்க எளிது, பல கம்பெனிகளின் கருவிகளுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான் சொல்கிறார்கள். தோம்பு கேஸ் என்றால் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள், அதாவது ஓர் அடிக்குள். அடுப்பும் தோம்பும் இருக்கும் இடத்திலிருந்து 4 மீட்டருக்குள். இயற்கை எரிவாயு என்றால் சிலிங்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள், அடுப்பிலிருந்து 8 மீட்டருக்குள். லேசான கேஸ் தூரமாகவும் பரவும் என்பதால் இந்த வித்தியாசம். இரண்டுக்கும் பொதுவாக, அடுப்பை ஒட்டி மாட்டக்கூடாது, ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே மாட்டினால் தாளிக்கிற புகையிலும் எண்ணெயிலும் சீக்கிரம் கெட்டுப்போகும். ஜன்னல் ஓரமும் வேண்டாம், அலமாரிக்குள்ளும் வேண்டாம், திரைச்சீலைக்குப் பின்னாலும் வேண்டாம். இயற்கை எரிவாயுவுக்கு மாட்டும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதவு, ஜன்னலின் மேல் விளிம்பைவிட அலாரம் உயரத்தில் இருக்க வேண்டும். அந்த உயரத்தில்தான் கேஸ் முதலில் தேங்கும்.

தோம்பு கேஸுக்குக் கீழே மாட்டுங்கள் என்று சொன்னவுடன் எல்லாரும் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "குசினியத் தண்ணி ஊத்திக் கழுவுறோமே, பூனை இருக்கு, சின்னப் பிள்ளை இருக்கு." நியாயம்தான். அதற்காக மேலே ஏற்றினால் பிரயோசனம் இல்லை. கழுவும் தொட்டிக்கு எதிர்ப்பக்கச் சுவரில், தண்ணீர் ஓடும் வாட்டத்துக்கு மேற்பக்கமாக, ஒரு சாண் உயரத்தில் மாட்டுங்கள். கழுவும்போது வாளியை அந்தப் பக்கம் வீசாமல் இருந்தால் போதும். அதைத் துணி போட்டு மூடி வைக்காதீர்கள். மூடினால் கேஸ் நுழையாது.

இதைவிடப் பெரிய சிக்கல் பிளக்கில்தான் இருக்கிறது. பசார் மாலாமிலும் கடைகளிலும் விற்கும் அலாரங்களில் பல, சுவர்ப் பிளக்கில் நேரே செருகுகிற மாதிரி. நம் குசினிப் பிளக்குகளோ மேசைக்கு மேலே, இடுப்பு உயரத்தில் இருக்கும். அங்கே செருகினால் கனமான கேஸுக்கு அது ரொம்ப மேலே, லேசான கேஸுக்கு ரொம்பக் கீழே. இரண்டுக்கும் உதவாது. ஆகவே வாங்கும்போது ஒயர் நீளமாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஒயர் பிளக்குக்குப் போகட்டும், கருவி கேஸ் வரும் இடத்தில் இருக்கட்டும். பெட்டியில் எந்த வாயுவுக்கு என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். CH4 என்றால் மீத்தேன், இயற்கை எரிவாயுவுக்கு. C3H8 என்றால் புரோப்பேன், தோம்பு கேஸுக்கு. இரண்டையும் பிடிக்கும் என்று எழுதியிருந்தால் வாங்கலாம். ஆனால் மாட்டும் இடத்தை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரே நேரத்தில் மேலேயும் கீழேயும் அதனால் இருக்க முடியாது.

இதையெல்லாம் அந்த மகனிடம் போனில் விளக்கிச் சொன்னேன். முடிவில் அவர் கேட்டார்: "அப்ப சார், இங்கயும் கீழ இறக்கிடவா?" வேண்டாம் என்றேன். அவர் வீட்டில் குழாய் கேஸ், லேசான கேஸ், மேலேயே இருக்கட்டும். அம்மா பட்டதைப் பார்த்துப் பயந்து அதைக் கீழே இறக்கியிருந்தால், அங்கேயும் அதே தப்பு மறுபக்கமாக நடந்திருக்கும்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவருடைய தங்கை, இங்கே பட்டணத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறவர், அடுத்த வாரம் அழைத்தார். "எங்க வீட்டுலயும் குழாய் கேஸ்தான் சார். அண்ணன் மேல மாட்டச் சொல்லுது. மாட்டிடவா?" நல்லவேளையாகக் கேட்டார். நம் நாட்டில் குழாயில் வருவதெல்லாம் இயற்கை எரிவாயு அல்ல. சில குடியிருப்புகளில் வளாகத்தின் ஒரு மூலையில் பெரிய பெரிய தோம்புகளையோ ஒரு தொட்டியையோ வைத்து, அதிலிருந்து குழாய் இழுத்து வீட்டுக்கு வீடு கொடுக்கிறார்கள். குழாயில் வந்தாலும் அது எல்.பி.ஜி.தான், கனமான கேஸ்தான். குழாயைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது, குழாய்க்குள் என்ன வருகிறது என்று கேட்க வேண்டும். வளாகத்தில் கம்பிவேலி போட்டுத் தோம்புகள் அடுக்கியிருக்கிறதா என்று போய்ப் பார்க்கச் சொன்னேன். கேஸ் பில்லில் இருக்கும் நம்பருக்கு அழைத்து, "எங்கள் வீட்டுக்கு வருவது இயற்கை எரிவாயுவா, எல்.பி.ஜி.யா?" என்று நேரடியாகக் கேட்கச் சொன்னேன். எல்.பி.ஜி. என்று பதில் வந்தது. அவர் வீட்டு அலாரம் இப்போது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது.

2025 ஏப்ரல் 1-ஆம் தேதி சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து எரிந்ததைப் பார்த்தவர்கள் குழாய் கேஸ் என்றாலே அஞ்சுகிறார்கள். அது மண்ணுக்கடியில் அதிக அழுத்தத்தில் போகும் பெரிய குழாய். வீட்டுக்குள் வருவது அழுத்தம் மிகக் குறைந்தது. அந்த மாதிரி விபத்துக்கு வீட்டு அலாரம் எதுவும் செய்ய முடியாது. வீட்டுக்குள் ஒழுகுவதை மட்டும்தான் அது சொல்லும்.

இனி, கத்தினால் என்ன அர்த்தம்? சிவப்பு விளக்கு எரிந்து விடாமல் கத்தினால் கேஸ் வந்துவிட்டது என்று பொருள். ஆனால் இதோ வெடிக்கப்போகிறது என்று பொருள் அல்ல. பெரும்பாலான கருவிகள், தீப்பிடிக்கத் தேவையான அளவில் பத்தில் ஒரு பங்கு வந்தவுடனேயே கத்தும்படி செய்திருக்கிறார்கள். தோம்பு கேஸ் 2 பங்கில் தீப்பிடிக்கும் என்றேன் அல்லவா, கருவி ஏறக்குறைய 0.2 பங்கிலேயே கத்தும். மீத்தேன் 5 பங்கில் பிடிக்கும், கருவி 0.5 பங்கில் கத்தும். சில கருவிகளில் எண் தெரியும், பக்கத்தில் %LEL என்று இருக்கும். அங்கே 10 என்று காட்டினால், தீப்பிடிக்கும் அளவில் நூற்றுக்குப் பத்து வந்திருக்கிறது என்று அர்த்தம். 100 காட்டினால் அங்கே தீப்பிடிக்க ஒரு பொறி போதும். ஆகவே முதல் சத்தத்திலேயே கிளம்பினால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. கருவி இருக்கும் இடத்தில் அளவு குறைவாக இருந்தாலும் ரப்பர் குழாய்க்குப் பக்கத்தில் அதிகமாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிளம்பும்போது நம் கை தானாகப் போவது சுவிட்சுக்குத்தான். இருட்டில் விளக்கைப் போடுவோம், அல்லது சத்தம் தாங்காமல் அலாரத்தின் பிளக்கையே பிடுங்குவோம். இரண்டும் பொறி தட்டும் வேலைகள். எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் காற்றாடி ஓடட்டும், நின்றிருப்பது நிற்கட்டும். அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அதை மூடுங்கள். தோம்பு எட்டும் தூரத்தில் இருந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். நாற்றம் பலமாக இருந்தால் அதற்காகக் குனிந்து உள்ளே போகாதீர்கள். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களை முதலில் எழுப்பி வெளியே கொண்டு போங்கள். கனமான கேஸ் முதலில் அவர்கள் மூக்குக்குத்தான் வரும். எல்.பி.ஜி. நஞ்சு அல்ல, ஆனால் அதிகமாகச் சேர்ந்தால் மூச்சுக்கு வேண்டிய காற்றை அது தள்ளிவிடும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வரும். வெளியே போய் நிற்கும்போது கால்வாய் ஓரத்தில் நிற்க வேண்டாம், கேஸ் அங்கேதான் இறங்கும். போன் பேசுவதும் வெளியே போன பிறகுதான். இங்கே 999, சிங்கப்பூரில் 995.

கதவைத் திறந்ததும் கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிடும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நின்றது காற்று வந்ததால். கசிவு அப்படியே இருக்கும். கதவைச் சாத்திய ஒரு மணி நேரத்தில் மறுபடியும் கத்தும், அல்லது நீங்கள் அதற்குள் அடுப்பைப் பற்ற வைத்திருப்பீர்கள். ரெகுலேட்டர், ரப்பர் குழாய், அடுப்பு இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி, ரெகுலேட்டரை மெதுவாகத் திறந்து, குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நெருப்புக்குச்சி காட்டிப் பார்க்கிற வீரர்கள் இன்னும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள், அவர்கள் என் கிளினிக்குக்கு வராமல் இருக்க வேண்டுகிறேன். குழாய் கேஸ் வீடுகளில் மீட்டர் அருகில் உள்ள வால்வை மூடிவிட்டு, கம்பெனிக்காரர் வந்து பார்த்த பிறகுதான் திறக்க வேண்டும்.

கேஸ் இல்லாமலும் கத்துவதுண்டு. கொசு மருந்து அடித்தால், சென்ட், தின்னர், சாராயச் சத்துள்ள மருந்து பக்கத்தில் இருந்தால் கத்தும். பொய்ச் சத்தம் என்று நீங்களாக முடிவு கட்டாமல், முதலில் வெளியே போய்விட்டு அப்புறம் யோசியுங்கள். மஞ்சள் விளக்கோ, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை "கிக்" என்று சின்னச் சத்தமோ வந்தால் பெரும்பாலும் கருவிக்கு நோய் அல்லது வயது முடிந்துவிட்டது. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், பெட்டியில் உள்ள தாளைத் தூக்கி எறியாதீர்கள். பச்சை விளக்கு எரியவில்லை என்றால் கரண்டு இல்லை, அப்போது அது வெறும் பெட்டி. கரண்டு போய் வந்த பிறகு சில நிமிடம் சூடேறினால்தான் வேலை செய்யும்.

டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கத்துகிறதே என்று திருப்திப்பட வேண்டாம். அது ஊதலும் விளக்கும் நன்றாக இருப்பதைத்தான் காட்டுகிறது. வாயுவைப் பிடிக்கும் பாகம் ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் மங்கிவிடும். பின்பக்கத்தில் மாற்ற வேண்டிய தேதி இருக்கும். லைட்டர் கேஸை அதன் மூக்கில் பீய்ச்சிச் சோதிக்கும் பழக்கமும் வேண்டாம், அளவுக்கு மீறிய கேஸில் அந்தப் பாகமே கெட்டுப்போகலாம். இன்னொன்று. கேஸ் அலாரம் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. காற்று வராத குளியலறையில் கேஸ் ஹீட்டர் சரியாக எரியாவிட்டால் வரும் அந்த விஷ வாயுவுக்குத் தனிக் கருவி உண்டு. அதைப் பற்றி வேறொரு மாதம் எழுதுகிறேன்.

அந்த அம்மா வீடு திரும்பிவிட்டார். கால்களில் தோல் மினுமினுப்பாக, வெளுத்துப்போய் இருக்கிறது. வெயிலில் எரிகிறது என்கிறார். ரப்பர் குழாய் மாற்றியாகிவிட்டது, தோம்பையும் வெளியே வைத்தாகிவிட்டது. அலாரத்தைக் கழற்றி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சாண் உயரத்தில் மாட்டிக் கொடுத்தேன். மாற்ற வேண்டிய ஆண்டை மார்க்கர் பேனாவால் சுவரிலேயே எழுதி வைத்தேன். போன வாரம் அது கத்தியிருக்கிறது. அம்மா எதையும் தொடாமல் வெளியே வந்து பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், பேரன் ஐஸ் பெட்டியின் பின்னால் கரப்பான்பூச்சி மருந்து அடித்திருக்கிறான்.

"சும்மாதான் கத்துச்சாய்யா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, சும்மாதான். ஆனா நீங்க வெளிய வந்தது சரி" என்றேன்.